ஓடிக்கொண்டிருக்கும் மெயிலில் புது ஆளைச் சேர்ப்பது எப்படி: ஒரு கோகோ பீட் கண்டெய்னரை வைத்து முழு வழிகாட்டி

ஈத்தாமொழி, ராஜாக்கமங்கலம் பக்கம் தென்னை நார்த்தூளைக் கட்டியாக அழுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பும் யூனிட்களில், சரக்கு வெளியே கிளம்புவதற்கு முன்பே வேலையில் பாதி மெயிலில் முடிந்துவிடும். விலை, சாம்பிள், பேக்கிங், பணம் எப்போது வரும் என்று எல்லாம் ஒரே தொடராக இரண்டு மாதம்கூட ஓடும். கண்டெய்னர் ஏற்றும் நாள் நெருங்கும்போதுதான் துறைமுகத்தில் சுங்க வேலைகளைப் பார்த்துக் கொடுக்கும் தூத்துக்குடி கிளியரிங் ஏஜெண்ட் உள்ளே வருவார். அதுவரை நடந்த பேச்சில் அவர் ஒரு வரிகூடப் பார்த்திருக்க மாட்டார்.

அந்த இடத்தில் பெரும்பாலானோர் செய்வது இதுதான். கடைசி மெயிலில் Reply all அழுத்தி, ஏஜெண்டின் முகவரியை Cc-யில் போட்டு, "சாரையும் சேர்த்திருக்கிறேன், கீழே உள்ள டிரெயிலைப் பார்த்துக்கொள்ளவும்" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுவார்கள். அனுப்பியவருக்கு அரை நிமிஷ வேலைதான். ஆனால் இருபது மெயிலைத் தலைகீழாகப் படித்து, எது பழசு, எது கடைசி முடிவு என்று கண்டுபிடிக்கும் வேலை புதிதாக வந்தவர் தலையில் விழுகிறது. அவர் தப்பான இடத்தில் நின்றுவிட்டால், சுங்கத்துக்குக் கொடுக்கும் ஷிப்பிங் பில்லில் தப்பான எடை ஏறும்.

ஒரு கேஸை எடுத்துக்கொள்வோம். பெயர்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டும். ஈத்தாமொழி யூனிட்டின் ஆபீஸைப் பார்க்கிறவர் செல்வி, உரிமையாளர் தங்கம் அண்ணாச்சி. சரக்கை வாங்குவது துபாயில் ஒரு நர்சரி நிறுவனம், அங்கே கொள்முதல் மேலாளர் ராஜன். தூத்துக்குடியில் கிளியரிங் ஏஜெண்ட் கிறிஸ்டோபர். முதலில் பேலட் இல்லாமல் 5,000 கட்டி என்று பேசி, பிறகு பேலட்டில் 4,800 கட்டி என்று மாற்றியிருக்கிறார்கள். அந்த மாற்றம் போனில் முடிவானது, மெயிலில் எங்கேயும் தெளிவாக இல்லை. இப்போது செல்வி கிறிஸ்டோபரைத் தொடருக்குள் கொண்டுவர வேண்டும்.

முதலில்: அவருக்கு என்ன போய்ச் சேரும்?

நம் பெட்டியில் இருபது மெயிலும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கித் தெரிவதால், புது ஆளுக்கும் அப்படியே தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். அவர் பெட்டிக்குப் போவது நாம் இப்போது அனுப்பும் ஒரே ஒரு மெயில்தான். பழைய கதையில் அவருக்குக் கிடைப்பது, அந்த மெயிலின் அடியில் மேற்கோளாக ஒட்டிக்கொண்டிருக்கும் பகுதி மட்டுமே.

அந்த மேற்கோளும் முழுசாக இருக்கும் என்று நம்ப முடியாது. எந்த மெயிலுக்குப் பதில் எழுதுகிறோமோ, அந்த மெயிலும் அதற்குள் ஏற்கெனவே ஒட்டியிருந்ததும்தான் கூட வரும். நடுவில் யாராவது அடிப்பகுதியை அழித்துவிட்டுப் பதில் போட்டிருந்தால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். இன்னொன்று, ஒரே மெயிலுக்கு இரண்டு பேர் தனித்தனியாகப் பதில் எழுதியிருந்தால் தொடர் இரண்டு கிளையாகப் பிரிந்திருக்கும். ஜிமெயில் இரண்டையும் ஒரே அடுக்காகக் காட்டுவதால் நமக்கு அது தெரியாது. ஒரு கிளையில் இருந்து பதில் எழுதினால் மற்றக் கிளையில் பேசியது புது ஆளுக்குப் போகாது. பேக்கிங் பற்றி ராஜன் எழுதியது ஒரு கிளையிலும், ஏற்றும் தேதி பற்றி அண்ணாச்சி எழுதியது இன்னொன்றிலும் இருந்தால், கிறிஸ்டோபருக்கு ஒன்றுதான் கிடைக்கும்.

இணைப்புகளிலும் கவனம் வேண்டும். Reply, Reply all கொடுத்தால் பழைய இணைப்புகள் கூட வராது. Forward கொடுத்தால் அந்த மெயிலில் இருந்தவை வரும். அதனால் "கீழே உள்ள பேக்கிங் லிஸ்டைப் பாருங்கள்" என்று Reply all-இல் எழுதினால் கீழே எதுவும் இருக்காது. கூகுள் டிரைவ் லிங்க்காக இருந்தால் இன்னொரு சிக்கல்: லிங்க் போகும், ஆனால் அவர் முகவரிக்கு அனுமதி கொடுத்திருக்காவிட்டால் திறக்காது. அனுப்புவதற்கு முன் அந்த ஃபைலின் Share பகுதியைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.

அடியில் இருப்பதை நாம் முதலில் படிக்க வேண்டும்

அவருக்கு எது கிடைக்காமல் போகும் என்று பார்ப்பதைப் போலவே, எது கிடைக்கக் கூடாது என்றும் பார்க்க வேண்டும். ஜிமெயிலில் பதில் எழுதும் பெட்டியின் அடியில் மூன்று புள்ளி இருக்கும். சுட்டியை அதன்மேல் கொண்டுபோனால் Show trimmed content என்று காட்டும். அதற்குள் மடித்து வைத்திருப்பது நம் கண்ணுக்கு மறைவாக இருந்தாலும் மெயிலோடு போகத்தான் செய்யும். அதை அழுத்தி விரித்து, அடிவரை படியுங்கள்.

செல்வி விரித்துப் பார்த்தால் என்னென்ன இருக்கும்? கடைசி விலை இருக்கும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், இன்வாய்ஸிலும் ஷிப்பிங் பில்லிலும் ஏஜெண்ட் அதைப் பார்க்கத்தான் போகிறார். ஆனால் அந்த விலைக்கு வந்து சேர்ந்த பேரம் இருக்கும். "வேறு ஒரு பார்ட்டிக்கு இந்த ரேட்டில்தான் கொடுக்கிறோம்" என்று அண்ணாச்சி எழுதியது இருக்கலாம். அந்த மற்ற பார்ட்டிக்கும் இதே ஏஜெண்ட் கிளியரிங் பார்ப்பவராக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தூத்துக்குடியில் ஒரே ஏஜெண்ட் பல யூனிட்களுக்கு வேலை பார்ப்பது வழக்கம்தான். வங்கிக் கணக்கு விவரம், போன தடவை வந்த ஏஜெண்டைப் பற்றிய குறை, ராஜன் தன் கம்பெனியின் உள்விஷயமாகச் சொன்ன ஒரு வரி என்று வேறு சிலவும் இருக்கக்கூடும்.

படித்த பிறகு மூன்று வழி உண்டு. அடியில் எல்லாமே வேலை சம்பந்தப்பட்டது, மறைக்க ஒன்றும் இல்லை என்றால் அப்படியே விடலாம். ஒன்றிரண்டு மெயில் மட்டும் தேவை என்றால் மீதியை மேற்கோளில் இருந்து மொத்தமாக அழித்துவிடலாம். நடுவில் ஒரு வரியை மட்டும் உருவி எடுக்காதீர்கள். ராஜனிடம் மூல மெயில் இருக்கிறது, அவர் எழுதியதை நாம் திருத்தியதுபோல அவருக்குத் தோன்றும். வெட்டுவதாக இருந்தால் ஒரு மெயிலை முழுசாக வெட்ட வேண்டும். மூன்றாவது வழி, பழையதை விட்டுவிட்டுப் புது மெயிலாகத் தொடங்குவது.

பேரம் நடந்த தொடருக்குள் கிளியரிங் ஏஜெண்டைக் கொண்டுவரும் இந்த மாதிரி கேஸில் மூன்றாவது வழிதான் சரி என்பது என் கருத்து. பழைய தொடர் விலைக்கும் பணத்துக்கும் தனியாக ஓடட்டும். கிளியரிங்குக்கு ஒரு புதுத் தொடர் தொடங்கி, தேவையான ஃபைல்களை மறுபடியும் இணைத்து அனுப்ப வேண்டும். தலைப்பில் பழைய ஆர்டர் நம்பர் இருந்தால் தேடும்போது இரண்டும் சேர்ந்து கிடைக்கும். பதில் பெட்டியில் அம்புக்குறியை அழுத்தி Edit subject கொடுத்து, தலைப்பை மாற்றியும் இதைச் செய்யலாம். தலைப்பு மாறினால் ஜிமெயில் அதைத் தனித் தொடராகப் பிரித்துவிடும். ஆனால் அப்படிச் செய்தால் பழைய மேற்கோள் அடியிலேயே இருக்கும். அதை நாமே அழிக்க வேண்டும், மறந்தால் போயிற்று.

மறைக்க ஒன்றும் இல்லாத தொடர் என்றால் தலைப்பைத் தொடாதீர்கள். அங்கே தலைப்பை மாற்றுவதுதான் குழப்பம். பழைய ஆட்களில் பாதிப்பேர் பழைய அடுக்கிலும் பாதிப்பேர் புதிதிலும் பதில் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

சேர்ப்பதற்கு முன் இரண்டு போன்

முதல் போன் ராஜனுக்கு. "கிளியரிங்குக்கு எங்கள் ஏஜெண்டை மெயிலில் சேர்க்கிறேன் சார், உங்கள் ஐடி அவருக்குத் தெரியும், பரவாயில்லையா?" என்று கேட்டால் போதும். பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார். ஆனால் கேட்கும்போது வேறு தகவலும் கிடைக்கும். இந்த ஆர்டர் எஃப்.ஓ.பி. முறை, அதில் கப்பல் புக்கிங் வாங்குபவரின் பொறுப்பு. அதனால் அவர் பக்கமும் கப்பல் ஏற்பாட்டைப் பார்க்கும் ஒரு ஃபார்வர்டர் இருப்பார். "அப்படியானால் எங்கள் ஆளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று அவர் சொன்னால், ஒரே மெயிலில் இரண்டு பேரையும் அறிமுகம் செய்துவிடலாம்.

இரண்டாவது போன் கிறிஸ்டோபருக்கு. இது தகவல் சொல்ல மட்டும் இல்லை. "இந்த வேலைக்கு உங்களுக்கு முதலில் என்னென்ன தெரிய வேண்டும்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் நாலைந்து விஷயம்தான் நம் சுருக்கத்தின் எலும்புக்கூடு. நாமாக யோசித்து எழுதினால், நமக்குப் பெரிதாகத் தெரிந்ததை எழுதுவோம். சாம்பிள் மூன்று தடவை திரும்பி வந்தது, உப்புத்தன்மையைக் குறைக்க மறுபடி கழுவியது எல்லாம் செல்விக்கு இரண்டு மாத உழைப்பு. ஏஜெண்டுக்கு அதில் எதுவும் வேண்டாம். அவருக்கு வேண்டியது எண்ணிக்கை, எடை, பேக்கிங், ஏற்றும் நாள், என்னென்ன சான்று, யாரிடம் எதைக் கேட்பது என்பதுதான்.

சுருக்கம் எழுதுவது

சுருக்கத்தை வரலாறாக எழுதாதீர்கள். "ஜனவரியில் அவர்கள் 5,000 கட்டி கேட்டார்கள், பிறகு நாங்கள் விலை கொடுத்தோம், பிறகு அவர்கள் பேலட் வேண்டும் என்றார்கள்" என்று நடந்த வரிசையில் எழுதினால், படிக்கிறவர் கடைசி வரி வரைக்கும் எது முடிவு என்று தெரியாமல் காத்திருக்க வேண்டும். இன்றைக்கு நிலை என்ன என்பதில் இருந்து தொடங்குங்கள். எந்தத் தேதியின் நிலை என்பதையும் எழுதுங்கள். நாலு நாள் கழித்து ஏதாவது மாறினால், இது எதுவரை சரி என்று அவருக்குத் தெரியும்.

வரலாற்றில் இருந்து எடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று: மாறிப்போன விஷயம். பழைய எண் ஒன்று எங்காவது ஒரு பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தால், அது பழசு என்று பெயர் சொல்லி எழுதிவிட வேண்டும். நம் கேஸில் 5,000 கட்டி என்ற எண், ராஜன் அனுப்பிய பர்சேஸ் ஆர்டரிலேயே இருக்கும். கிறிஸ்டோபர் கையில் அந்த ஆர்டர் கிடைத்தால் 25,000 கிலோ என்று கணக்குப் போடுவார். சரியான கணக்கு 4,800 கட்டி, கட்டிக்கு 5 கிலோ, ஆக 24,000 கிலோ. இருபது மரப் பேலட், ஒன்று 20 கிலோ என்று வைத்தால் மொத்த எடை 24,400 கிலோ. பேலட் வந்ததால் எண்ணிக்கை மட்டும் மாறவில்லை. மரத்தோடு பூச்சியும் சேர்ந்து போகாமல் இருக்க வெப்பத்தில் பதப்படுத்தி ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை குத்திய பேலட்தான் வேண்டும். பேலட் இல்லாத பழைய ஏற்பாட்டில் இந்தப் பேச்சே இல்லை. ஒரு மாற்றம் இப்படி இன்னொரு வேலையையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறதா என்று பார்த்து, அதையும் சேர்த்து எழுத வேண்டும்.

போனில் முடிவானதும் சுருக்கத்தில் வர வேண்டும். நம் ஊரில் முக்கியமான முடிவுகள் பலவும் போனிலோ வாட்ஸ்அப் வாய்ஸிலோதான் நடக்கின்றன. பேலட் மாற்றமும் அப்படித்தான். புது ஆளுக்காக எழுதும் இந்தச் சுருக்கத்தை ராஜனும் பார்ப்பதால், அவர் மறுப்புச் சொல்லாவிட்டால் அந்தப் போன் பேச்சு முதல்தடவையாக எழுத்தில் பதிவாகிறது. அவர் "இல்லை, நான் சொன்னது வேறு" என்றால் அதுவும் நல்லதுதான், சரக்கு ஏற்றுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

கடைசியாக, பாக்கி இருப்பதை ஆள் பெயரோடும் தேதியோடும் எழுதுங்கள். "புக்கிங் விவரம் தேவை" என்று பொதுவாக எழுதினால், யாரிடம் கேட்கிறீர்கள் என்று தெரியாமல் மூன்று பேரும் சும்மா இருப்பார்கள்.

அறிமுகமும் மெயிலும்

அறிமுகம் ஆளுக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். அவர் யார், இதில் எது அவர் பொறுப்பு, எது அவர் பொறுப்பு இல்லை. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதை எழுதாவிட்டால் துபாயில் இருப்பவர் பேமென்ட் கேள்வியை ஏஜெண்டிடம் கேட்பார், ஏஜெண்ட் தெரிந்ததைச் சொல்லிவைப்பார். அறிமுகம் இரு பக்கமும் இருக்க வேண்டும். பழைய ஆட்களுக்குப் புதியவரைச் சொல்வதுபோல, புதியவருக்குப் பழைய ஆட்களையும் சொல்ல வேண்டும். வாங்குபவரை முதலில் விளித்து எழுதுவது மரியாதை. வேலை செய்ய வேண்டியவர்களை To-வில் போடுங்கள், தெரிந்துகொள்ள வேண்டியவர்களை Cc-யில் போடுங்கள். கிறிஸ்டோபர் To-வில் வர வேண்டியவர்.

செல்வியின் மெயில் இப்படி இருக்கலாம்:

> தலைப்பு: ஆர்டர் 117: கோகோ பீட், 40 அடி கண்டெய்னர், தூத்துக்குடி கிளியரிங்
>
> ராஜன் சார், வணக்கம்.
>
> போனில் சொன்னபடி, இந்தக் கண்டெய்னரின் கிளியரிங்கை தூத்துக்குடியில் கிறிஸ்டோபர் சார் பார்க்கிறார். ஷிப்பிங் பில், பைட்டோசானிட்டரி சான்று, கண்டெய்னரைத் துறைமுகத்தில் சேர்ப்பது ஆகிய மூன்றும் அவர் பொறுப்பு. விலை, பேமென்ட், சரக்கின் தரம் பற்றி வழக்கம்போல என்னிடமே பேசுங்கள்.
>
> கிறிஸ்டோபர் சார், ராஜன் சார் துபாய் நிறுவனத்தின் கொள்முதல் மேலாளர். கப்பல் புக்கிங் அவர்கள் பக்கம். Cc-யில் இருக்கும் தங்கம் அண்ணாச்சி எங்கள் உரிமையாளர், ஆவணங்களில் கையெழுத்துப் போடுபவர்.
>
> மார்ச் 9 அன்றைய நிலை:
> 5 கிலோ கட்டி 4,800. இருபது பேலட், பேலட்டுக்கு 240 கட்டி. நிகர எடை 24,000 கிலோ, பேலட்டோடு 24,400 கிலோ. எஃப்.ஓ.பி. தூத்துக்குடி. ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை உள்ள மரப் பேலட். எங்கள் யூனிட்டில் மார்ச் 18 அன்று கண்டெய்னரில் ஏற்றுகிறோம். பைட்டோசானிட்டரி சான்று கண்டிப்பாக வேண்டும் என்று ராஜன் சார் கேட்டிருக்கிறார்.
>
> கவனிக்க: பர்சேஸ் ஆர்டரில் 5,000 கட்டி, பேலட் இல்லாமல் என்று இருக்கும். மார்ச் 4 அன்று போனில் பேசி அதை மாற்றினோம். மேலே உள்ள கணக்குதான் சரி.
>
> பாக்கி:
> ராஜன் சார்: ஷிப்பிங் லைன் புக்கிங் நம்பரும் கட்-ஆஃப் தேதியும், மார்ச் 11-க்குள்.
> கிறிஸ்டோபர் சார்: பைட்டோ பரிசோதனைக்குச் சரக்கு எங்கே, எப்போது தயாராக இருக்க வேண்டும் என்று, மார்ச் 12-க்குள்.
> நான்: திருத்திய பர்சேஸ் ஆர்டரை ராஜன் சாரிடம் வாங்கி அனுப்புவது, மார்ச் 12-க்குள்.
>
> இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் டிராஃப்ட் இணைத்திருக்கிறேன். கிளியரிங் சம்பந்தமாக இனி இந்த மெயிலிலேயே எல்லோருக்கும் சேர்த்துப் பதில் எழுதுங்கள்.
>
> செல்வி

இதை கிறிஸ்டோபர் செல்போனில் படிப்பார், பெரும்பாலும் துறைமுக வாசலில் நின்றுகொண்டு. கீழே எதையும் தேடாமல், இதை மட்டும் படித்து அவரால் வேலையைத் தொடங்க முடியுமா என்பதுதான் சோதனை. முடிந்தால், இணைத்திருக்கும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்டோடு ஒரு தடவை எண்களை ஒத்துப் பார்த்துவிட்டு அனுப்பலாம். ஜிமெயிலில் Undo Send நேரத்தை 30 விநாடி வரை வைத்துக்கொள்ளலாம். முகவரி தானாக நிரம்பும்போது அதே பெயருள்ள வேறொருவர் வந்து உட்கார்ந்துவிடுவது உண்டு, அந்த 30 விநாடி அங்கே உதவும்.

அனுப்பிய பிறகு

அடிக்கடி நடக்கும் தவறு இங்கேதான். ராஜன் தன் பெட்டியில் பழைய மெயிலைத் திறந்து அதற்கு Reply all கொடுப்பார். அதில் கிறிஸ்டோபர் முகவரி இல்லை. புக்கிங் நம்பர் வந்துவிட்டது என்று செல்வி நிம்மதியாக இருப்பார், ஏஜெண்டோ வரவில்லை என்று காத்திருப்பார். அதனால் முதல் இரண்டு மூன்று நாள், வரும் ஒவ்வொரு பதிலிலும் பெறுபவர் பட்டியலைப் பாருங்கள். விடுபட்டிருந்தால் "ஏன் சேர்க்கவில்லை" என்று கேட்க வேண்டாம். வந்த தகவலைக் கிளியரிங் தொடரில் எடுத்துப் போட்டு, "ராஜன் சார் அனுப்பிய புக்கிங் விவரம் கீழே" என்று எழுதினால் போதும். அடுத்த தடவை அவர் தானாகவே அதற்குப் பதில் போடுவார்.

கிறிஸ்டோபரிடம் இருந்து ஒரு நாளுக்குள் பதில் வராவிட்டால் போன் செய்யுங்கள். புது முகவரியில் இருந்து இணைப்போடு வரும் முதல் மெயில் ஸ்பேமுக்குப் போவது அதிசயம் இல்லை. வந்த பதில் வெறும் "ஓகே" என்றாலும், "மொத்த எடை 24,400 தானே சார்?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடுங்கள்.

யாருக்கும் தெரியாமல் ஒருவரை Bcc-யில் சேர்ப்பதைத் தவிருங்கள். அவர் மறந்துபோய் Reply all கொடுத்தால், இவ்வளவு நாளாகப் படித்துக்கொண்டிருந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒருவருக்குத் தெரிய வேண்டும், ஆனால் பேச்சில் வர வேண்டாம் என்றால், அனுப்பிய மெயிலை அவருக்குத் தனியாக Forward செய்வது நல்லது.

Bcc உண்மையில் உதவுவது ஆளை வெளியே விடும்போது. கப்பல் கிளம்பி, சரக்கு ஏறியதற்குக் கப்பல் கம்பெனி தரும் பில் ஆஃப் லேடிங் கைக்கு வந்ததும் கிறிஸ்டோபரின் வேலை முடிந்துவிடும். அப்புறம் ராஜனோடு பேமென்ட் பேச்சு தொடங்கும். அதற்கு முன் கிளியரிங் தொடரில் ஒரு மெயில் போட்டு, "கிறிஸ்டோபர் சார் தன் பகுதியை முடித்துக் கொடுத்துவிட்டார், நன்றி. அவரை Bcc-க்கு மாற்றியிருக்கிறேன்" என்று எழுதி, அவர் முகவரியை அங்கே நகர்த்திவிடுங்கள். அந்த மெயில் அவருக்குப் போகும். அதன்பின் மற்றவர்கள் Reply all கொடுக்கும் பதில்கள் அவருக்குப் போகாது.